மின்னஞ்சலில் நான், நாங்கள், நாம்

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். "நாங்கள்" என்பது பெறுநரைச் சேர்க்காது. "நாம்" என்பது அவரையும் சேர்க்கும். அலுவலக மின்னஞ்சல்களில் இவ்வேறுபாடு முக்கியமானது.

குழுவாகத் தயாரித்த விற்பனை அறிக்கையை அனுப்பும்போது, "இதை நாங்கள் மூவரும் தயாரித்தோம்" என எழுதினால் பாராட்டு அனைவருக்கும் சேரும். "தயாரித்துள்ளேன்" என்றால் மற்ற இருவரின் உழைப்பு மறைந்துவிடும்.

அவ்வறிக்கையில் கூட்டுத்தொகை தவறாக இருந்தால், "நாம் கவனிக்கவில்லை" என்பது பெறுநரையும் குற்றத்தில் சேர்க்கிறது. "பிழை நேர்ந்துவிட்டது" என்பதில் பொறுப்பாளர் எவரும் இல்லை. "சரிபார்க்காமல் அனுப்பியது நான், இன்று மாலை 5 மணிக்குள் திருத்தி அனுப்புகிறேன்" என்பதே தெளிவானது. "அனுப்புவோம்" என்றால் யார் அனுப்புவார் என்பது தெரியாது.

கூட்டியவர் வேறொருவராயினும், சரிபார்க்காதது அனுப்பியவரின் பங்கு. அதை மட்டும் "நான்" என ஏற்பது போதுமானது.