அழுக்குக்கு எத்தனை பெயர்?

சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடி வீடுகளின் கதவிடுக்கில் அடிக்கடி செருகப்படும் தாள்களில் ஒன்று, வீடு சுத்தம் செய்து தரும் நிறுவனத்தின் விளம்பரம். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். வீடு கிரைமியாக இருக்கிறதா, சாயில்டாக இருக்கிறதா, ஃபில்தியா, அன்ஹைஜீனிக்கா, எதுவானாலும் எங்களைக் கூப்பிடுங்கள் என்று நான்கு சொற்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். கீழே தமிழில் ஒரே வரி: ‘எல்லாவித அழுக்கும் நீக்கப்படும்.’

எழுதியவர் அகராதியைத் திறந்து, அழுக்கு என்ற பொருளில் கிடைத்த சொற்களை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார். படிக்க ஓசையாக இருக்கும். ஆனால் இந்த நான்கும் நான்கு வேறு நிலைகளைச் சொல்பவை. ஒவ்வொன்றையும் போக்க வேறு மருந்து, வேறு கருவி, வேறு நேரம் வேண்டும். தாளில் அச்சிட்ட சொல்லை நம்பித்தான் வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார். அதனால் எந்தச் சொல்லைப் போட்டோமோ அந்த வேலையைச் செய்து காட்டும் கடமை வந்துவிடுகிறது. ‘நீங்கதானே எல்லா அழுக்கும் போகும்னு போட்டிருக்கீங்க’ என்ற சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கிரைமி என்பதை முதலில் பார்ப்போம். இது வெறும் தூசி அல்ல. தூசியாக இருந்தால் உலர்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். ஏற்கெனவே படிந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் தூசியும் புகையும் வந்து ஒட்டிக்கொள்வதுதான் கிரைமி. நம் வீடுகளில் அதற்குப் பிசுக்கு என்று நல்ல சொல் இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை, சிம்னி வலை, அடுப்புக்கு மேலுள்ள அலமாரியின் தலைப்பகுதி, சமையலறை ஸ்விட்ச் பலகை ஆகியவை அதன் இருப்பிடங்கள். கண்டுபிடிக்க விரல் போதும். தொட்டால் ஒட்டும், ஈரத்துணியால் துடைத்தால் போகாமல் இழுவிக்கொண்டு பரவும்.

தாளித்த எண்ணெயின் ஆவி படிந்து, நாளாக நாளாகக் காற்றுபட்டு இறுகும்போது அது வார்னிஷ் பூசியதுபோல் கெட்டியாகிறது. அதைக் கரைக்கக் காரத்தன்மையுள்ள டீகிரீசர் வேண்டும். தெளித்தவுடன் தேய்க்கக் கூடாது, சில நிமிடம் ஊற வேண்டும். ஹெர்பெர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதிப் பொறியாளர் 1959-இல் சொன்ன கணக்கு ஒன்று துப்புரவுத் தொழிலில் இன்றும் பாடமாக இருக்கிறது. எந்தச் சுத்தமும் மருந்து, தேய்ப்பு, சூடு, நேரம் என்ற நான்கால் நடக்கிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும். நேரத்தைக் குறைத்து ‘அரை மணியில் பிசுக்கு நீக்கம்’ என்று போட்டால், வேலையாள் மருந்தின் வீரியத்தையோ தேய்ப்பையோ கூட்டுவார். பெயின்ட் உரியும், ஸ்டீலில் கீறல் விழும். சிம்னி வலை அலுமினியமாக இருந்தால் காஸ்டிக் சோடா கலந்த மருந்து அதைக் கறுக்கச் செய்து அரித்துவிடும். ஆகவே பிசுக்கு என்று எழுதுபவர், எந்தெந்தப் பொருளில் அதை எடுக்க முடியும் என்பதையும் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

சாயில்டு என்பது பயன்படுத்தியதால் அழுக்கேறியது. ஆங்கிலத்தில் இது வசவு அல்ல, ஒரு தொழிற்சொல். ஓட்டலில் விருந்தினர் எழுந்து போன படுக்கை விரிப்பு பார்வைக்கு வெள்ளையாக இருந்தாலும் சாயில்டு லினன்தான். இங்கிலாந்தின் மருத்துவமனைச் சலவை வழிகாட்டி அழுக்குத் துணியையும் தொற்றுள்ள துணியையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்கிறது. துவைக்கும்போது 65 டிகிரி செல்சியஸில் 10 நிமிடமோ 71 டிகிரியில் 3 நிமிடமோ வெந்நீர் நிலைக்க வேண்டும் என்பது அதன் விதி. சின்னர் சொன்ன சூடும் நேரமும் இங்கே இடம் மாறிக்கொள்வதைப் பார்க்கலாம்.

வீட்டில் இந்தச் சொல் பொருந்துவது சோபா, மெத்தை, திரைச்சீலை, கார் இருக்கை போன்றவற்றுக்கு. இங்கே அழுக்கு மேலே படிந்திருக்கவில்லை. வியர்வையும் எண்ணெயும் சிந்திய காபியும் நூலுக்குள் இறங்கியிருக்கின்றன. துடைத்தால் போகாது. சோப்புக் கரைசலைத் தெளித்து உடனே உறிஞ்சியெடுக்கும் இயந்திரம் வேண்டும். அதன் தொட்டியில் சேரும் நீரின் நிறமே வேலை நடந்ததற்குச் சாட்சி.

ஆனால் அழுக்கு போனாலும் கறை போகும் என்று சொல்ல முடியாது. கறை என்பது துணியோடு சேர்ந்துவிட்ட சாயம். சோபாவில் சாம்பார் சிந்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பருப்பையும் எண்ணெயையும் இயந்திரம் எடுத்துவிடும், மஞ்சளின் நிறம் நிற்கும். காரமான சோப்பு பட்டால் அந்த மஞ்சள் சிவப்பாகவும் மாறும். வெயில் பட்டால்தான் மெல்ல வெளுக்கும். இது தெரிந்தவர் தாளில் ‘அழுக்கு நீக்கப்படும், பழைய கறைகள் மங்கலாம், முழுதும் போகாமலும் இருக்கலாம்’ என்று எழுதுவார். அழுக்கு, கறை என்ற இரண்டையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்பவர்தான் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

மூன்றாவது ஃபில்தி. மற்ற மூன்றும் பொருளைப் பற்றிப் பேசுகின்றன, இது ஆளைப் பற்றிப் பேசுகிறது. அழுகல், நாற்றம் என்ற பொருளில் வளர்ந்த பழைய ஆங்கிலச் சொல் இது. இன்றும் அதில் அருவருப்பு கலந்திருக்கிறது. ‘உங்கள் வீடு அசிங்கமாக இருக்கிறதா?’ என்று தமிழில் கேட்டால் யார் போன் செய்வார்கள்? செய்தால், ஆமாம், நான் வீட்டை அப்படி வைத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வேலைக்குப் போகும் பெண்ணோ, மூட்டுவலியால் குனிந்து கூட்ட முடியாத பெரியவரோ அந்தத் தாளைக் கசக்கிப் போடுவார்கள். தமிழ்நாட்டில் இந்த வகைச் சொற்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அழுக்கை எடுப்பவர்மேலேயே அழுக்கை ஏற்றிப் பேசிய சாதி வழக்கம் இங்கே நெடுங்காலம் இருந்தது. துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை அரசே தூய்மைப் பணியாளர் என்று மாற்றியதற்கு அந்த வரலாறும் காரணம்.

நிலைமையைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் காரணத்தைச் சொல்வது நல்லது. ‘நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு’, ‘குடித்தனம் காலி செய்த வீடு’, ‘பெயின்ட் வேலை முடிந்த வீடு’ என்றால் யாரையும் குறை சொல்லவில்லை. வேலையின் அளவும் விளங்கிவிடும். காலி செய்த வீட்டில் ஒட்டடை, ஆணித் துளை, அலமாரிக்குள் எலிப்புழுக்கை எல்லாம் இருக்கும். பெயின்ட் வேலை முடிந்த வீட்டிலோ சிமென்ட் தூளும் தரையில் பெயின்ட் சொட்டும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை போட முடியாது.

அன்ஹைஜீனிக் மற்ற மூன்றிலிருந்தும் வேறானது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. பளபளக்கும் சமையல் மேடையில் கோழி வெட்டிய பலகையின் நீர் பட்டிருந்தால் அது சுகாதாரக் கேடுதான். தூசி படிந்த புத்தக அலமாரி அழுக்குதான், ஆனால் அதனால் யாருக்கும் வயிற்றுப்போக்கு வராது. சிங்க் ஓரத்துப் பஞ்சு, குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ரப்பர், கழிவறைக் குழாயின் பிடி ஆகியவைதான் இந்தச் சொல்லுக்குரிய இடங்கள்.

இங்கே வேலை இரண்டு கட்டமாக நடக்க வேண்டும். முதலில் சோப்பால் அழுக்கை எடுக்க வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேலேயே குளோரின் மருந்தை ஊற்றினால் அது அழுக்கோடு வினைபுரிந்து வீணாகும். மருந்து பட்ட இடம், புட்டியில் போட்டிருக்கும் நேரம்வரை ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் வாசனைதான் மிஞ்சும். 99.9 சதவீதம் கிருமி நீக்கம் என்றாலும் 10 லட்சத்தில் 1,000 மிஞ்சும். ‘100% கிருமியற்ற வீடு’ என்பது எவராலும் காப்பாற்ற முடியாத வாக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இப்படித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது.

இந்த நான்கு சொற்களிலும் அடங்காத ஓர் அழுக்கு நம் குளியலறைகளில் இருக்கிறது. போர் தண்ணீர் காய்ந்து குழாயிலும் டைல்ஸிலும் விடும் வெள்ளை உப்புக் கறை அது. அது சுண்ணாம்பு வகைப் படிவு. பிசுக்கை எடுக்கும் கார மருந்து அதை அசைக்காது, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் போன்ற ஒன்று வேண்டும். அந்த அமிலம் மார்பிளில் பட்டால் கல்லே அரிந்து மங்கிவிடும், ஏனென்றால் மார்பிளும் சுண்ணாம்பு இனம்தான். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வரும். ஆங்கிலத் தாளைப் பார்த்து எழுதியவருக்கு இந்த உப்பு தென்படாது. வாடிக்கையாளர் முதலில் கேட்பதோ இதைத்தான்.

இப்போது ஒரு தாளைத் திருத்திப் பார்ப்போம். பழைய வரி இப்படி இருக்கிறது: ‘உங்கள் அசுத்தமான, அழுக்கடைந்த, சுகாதாரமற்ற சமையலறையை 1 மணி நேரத்தில் 100% கிருமியற்றதாக்குகிறோம்.’ மூன்று அடைமொழியும் வீட்டுக்காரரைத் திட்டுகின்றன. எந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. நேரமும் சதவீதமும் காப்பாற்ற முடியாதவை.

திருத்திய வரிகள்: ‘சிம்னி, எக்ஸாஸ்ட் ஃபேன், அடுப்புச் சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை ஊறவைத்து எடுக்கிறோம். சிங்க், குழாய்களின் உப்புக் கறையைத் தனி மருந்தால் நீக்குகிறோம். மார்பிள் மேடையில் அந்த மருந்தைப் பயன்படுத்துவதில்லை. மேடையையும் கதவுப் பிடிகளையும் கழுவிய பிறகு கிருமிநாசினி பூசுகிறோம். டைல்ஸ் இடுக்கில் ஊறிப்போன பழைய மஞ்சள் கறை முழுதும் போகாது, வேலை தொடங்கும் முன் காட்டிவிடுவோம்.’

புதிய தாள் நீளமானதுதான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஓர் இடமும் ஓர் அழுக்கும் ஒரு வேலையும் இருக்கின்றன. வேலைக்குப் போகும் ஆள் இதைப் படித்தே எந்த மருந்தை எடுத்துப்போவது என்று முடிவு செய்யலாம். வீட்டுக்காரர் வேலை முடிந்ததும் வரி வரியாகச் சரிபார்க்கலாம். பிசுக்கு போயிற்றா என்று விரலால் தொட்டு, உப்பு போயிற்றா என்று குழாயைக் காயவைத்துப் பார்த்து, கிருமிநாசினி எவ்வளவு நேரம் ஈரமாக நின்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அடுத்த முறை கதவிடுக்கில் ஒரு தாள் வந்தால், அதிலுள்ள ஒவ்வொரு அழுக்குச் சொல்லுக்கும் எந்த மருந்து, எவ்வளவு நேரம், எது போகாது என்று போனிலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு முன்பணம் கொடுக்கலாம்.