இரண்டு யூரோ நாணயத்தால் நிலாவை அளப்பது எப்படி?

லாச்சப்பலில் மரக்கறி வாங்கிவிட்டு வரும்போது சட்டைப் பையில் எப்படியும் கொஞ்சம் சில்லறை மிஞ்சும். அதில் ஒரு இரண்டு யூரோ நாணயத்தையும் ஒரு சத நாணயத்தையும் எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று மாலைகளில், பிள்ளைகளோடு சேர்ந்து நிலாவின் குறுக்களவைக் கணக்கிட இவை போதும். கூடவே ஒரு அளவு நாடா, கொஞ்சம் ஒட்டுநாடா, ஒரு சின்ன மட்டைத் துண்டு, அவ்வளவுதான்.

முதலில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "கையை நல்லா நீட்டி ஒரு நாணயத்தைப் பிடிச்சால், எந்த நாணயம் நிலாவைச் சரியாக மறைக்கும்?" அனேகமாக எல்லோரும் இரண்டு யூரோ என்றுதான் சொல்லுவினம். பெரியவர்களும் அப்படித்தான். பிறகு யன்னலுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு யூரோ நாணயத்தின் அகலத்துக்குள் நாலு நிலாவை வரிசையாக வைக்கலாம். யூரோவிலேயே மிகச் சிறியதான ஒரு சத நாணயம்கூட நிலாவைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அகலமாக நிற்கும். நீட்டிய கையின் தூரத்தில் நிலாவின் அகலம் ஐந்தரை மில்லிமீற்றர்தான், ஏறக்குறைய ஒரு மிளகின் அளவு.

நிலாவை நாங்கள் எல்லோரும் மனதில் பெரிதாக்கித்தான் வைத்திருக்கிறோம். ரூ ரிக்கே பாலத்தில் நின்று, தண்டவாளங்களுக்கு மேலால் பூரணை நிலா எழும்புவதைப் பார்த்தால் அது ஒரு தட்டு அளவுக்குத் தெரியும். நாணயத்தைப் பிடித்துப் பார்த்தால் அடிவானத்திலும் அது உச்சியில் நிற்கிற அதே அளவுதான். அடிவானத்தில் நிற்கும்போது நிலா எங்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி இருப்பதால், உண்மையில் மயிரிழை சிறிதாகவே தெரியும். பெரிதாக்குவது எங்கட மூளை.

நாணயத்தை யன்னலில் ஒட்டுங்கள்

கையில் பிடித்தால் நாணயம் பெரிதாகி விடுகிறது. ஆகவே நாணயத்தை விட்டுவிட்டு நாங்கள் பின்னால் போக வேண்டும். நிலா தெரியும் யன்னல் கண்ணாடியில் இரண்டு யூரோ நாணயத்தை ஒட்டுங்கள். ஒட்டுநாடா நாணயத்தின் விளிம்புக்கு வெளியே தெரியாமல் பின்பக்கம் இருக்கட்டும். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாணயம் நிலாவுக்கு நேரே வரும்படி நின்று, மெல்ல மெல்லப் பின்னுக்குப் போங்கள். நாணயம் நிலாவைச் சரியாக மறைத்து, இன்னும் ஒரு அடி வைத்தால் ஓரத்தில் வெளிச்சம் எட்டிப் பார்க்கும் என்கிற இடத்தில் நில்லுங்கள். கண்ணிலிருந்து நாணயம் வரை உள்ள தூரத்தை இன்னொருவர் நாடாவால் அளக்க வேண்டும்.

இது இரண்டு பேர் செய்யும் வேலை, கொஞ்சம் கெதியாகவும் செய்ய வேண்டும். பூமி சுற்றுவதால் நிலா இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு வானத்தில் நகர்ந்துவிடும். நாடாவைத் தேடி எடுத்து வருவதற்குள் நிலா நாணயத்தை விட்டு வெளியே வந்து நிற்கும். பிள்ளை தலையைக் கொஞ்சம் சரித்து மறுபடி பிடிக்கலாம்.

நிலா தாழ்வாக இருக்கும்போதுதான் மூன்று மீற்றர் உள்ளே நின்றும் யன்னலால் அதைப் பார்க்க முடியும். பூரணையன்று சூரியன் மறைகிற நேரத்திலேயே கிழக்கில் நிலா வரும், அதுதான் வசதியான நேரம். கடைகளில் தருகிற தமிழ் நாள்காட்டியில் பூரணை நாள் குறித்திருக்கும். கிழக்குப் பக்க யன்னல் இல்லாதவர்கள் பூரணைக்கு அடுத்த ஒன்றிரண்டு நாட்களில், விடிகிற நேரம், மேற்கு யன்னலில் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு உறுதியாகச் சொல்லிவிடுங்கள். சூரியனை இப்படி அளக்கவே கூடாது. கண் போய்விடும்.

இருட்டில் செய்தால் ஏன் பிழைக்கிறது?

இதைச் செய்துபார்க்கிற பலருக்கு முதல் தடவை விடை பிழையாகத்தான் வரும். பிழை எப்போதும் ஒரே பக்கம் சாயும், அதாவது நிலா உண்மையைவிடப் பெரிதாக வரும். இருட்டு அறையில் நின்று ஒரு சத நாணயத்தால் நிலாவை முழுதாக மறைத்தால், சரியாக 1.80 மீற்றரில் நடக்க வேண்டியது 1.25 மீற்றரிலேயே நடந்துவிடும். கணக்குப் போட்டால் 5,000 கிலோமீற்றர் வரும்.

காரணம் கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்புத் துவாரம், அதாவது கண்மணி. இருட்டில் அது சுமார் 5 மில்லிமீற்றர் வரை விரியும். ஒரு சத நாணயத்தின் அகலமே 16.25 மில்லிமீற்றர்தான். நாணயம் கண்மணியின் நடுவுக்கு நிலாவை மறைத்தாலும், கண்மணியின் ஓரத்தால் இன்னும் வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தையும் மறைக்க வேண்டும் என்று பிள்ளை நாணயத்துக்குக் கிட்ட வந்துவிடும். தூரம் குறையும், நிலா பெரிதாகும்.

இதைத் திருத்த மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் சேர்த்தே செய்யலாம். பெரிய நாணயத்தைப் பாவித்தால் கண்மணியின் பங்கு சிறிதாகும், அதனால்தான் இரண்டு யூரோ நல்லது. முழு இருட்டுக்கு முன், வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே அளந்தால் கண்மணி சுருங்கி இருக்கும். மட்டைத் துண்டில் ஊசியால் ஒரு மில்லிமீற்றர் அளவில் ஒரு துளை போட்டு, அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் கண்மணிக்குப் பதிலாகத் துளைதான் கணக்கில் வரும். அப்போது நாணயத்தின் விளிம்பும் மங்காமல் கூராகத் தெரியும்.

எங்கள் வீட்டுக் கணக்கு

நாங்கள் ஒரு பூரணை மாலையில் மூன்று தடவை அளந்தோம். மட்டைத் துளையால் பார்த்தது பிள்ளை, நாடா பிடித்தது அப்பா. கிடைத்த தூரங்கள் 265, 279, 269 சென்ரிமீற்றர். மூன்றுக்கும் சராசரி 271 சென்ரிமீற்றர், அதாவது 2,710 மில்லிமீற்றர்.

இரண்டு யூரோ நாணயத்தின் குறுக்களவு 25.75 மில்லிமீற்றர். நிலாவை முழுதாக மறைக்கும்போது துளையின் அகலத்தைக் கழித்துவிட வேண்டும், ஆகவே 24.75. இனி 2,710 ஐ 24.75 ஆல் பிரித்தால் 109.5 வரும். எங்கட தூரம் நாணயத்தின் அகலத்தைப்போல் 109.5 மடங்கு என்பது இதன் பொருள்.

நாணயமும் நிலாவும் ஒரே கோணத்துக்குள் அடங்குவதால், நிலாவின் தூரமும் அதன் அகலத்தைப்போல் அதே 109.5 மடங்குதான். கொலேஜில் பிள்ளைகள் படிக்கிற தாலேஸ் தேற்றம் இதுதான். கொப்பியில் இருக்கும் இரண்டு முக்கோணங்களில் ஒன்றின் அடியில் நாணயம், மற்றதன் அடியில் நிலா. நிலாவின் சராசரித் தூரம் 384,400 கிலோமீற்றர். அதை 109.5 ஆல் பிரித்தால் 3,510 கிலோமீற்றர். உண்மையான குறுக்களவு 3,474. ஒரு வீதம்தான் வித்தியாசம்.

ஆனால் மூன்று அளவுகளுக்கும் இடையே 14 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தது. இது ஐந்து வீதம். ஆகவே ஒரு வீதத்துக்குள் வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. 3,300 க்கும் 3,700 க்கும் இடையில் வந்தால் நன்றாக அளந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த 384,400 எங்கிருந்து வந்தது?

கெட்டிக்காரப் பிள்ளை இந்த இடத்தில் மடக்கும். "அப்பா, தூரத்தை நாங்கள் அளக்கேல்லையே?" உண்மைதான். நாணயம் சொல்வது விகிதத்தை மட்டும்தான். கிட்ட இருக்கும் சின்ன நிலாவும் தள்ளி இருக்கும் பெரிய நிலாவும் நாணயத்துக்கு ஒன்றுதான். தூரத்தை வேறு வழியில் தேட வேண்டும்.

அதில் பாரிஸ் ஆட்களுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. 1751 இல் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் ஆபிரிக்காவின் தெற்கு முனையில் இருக்கும் நன்னம்பிக்கை முனையில் நின்று நிலாவைப் பார்த்தார். அதே காலத்தில் லலாந்த் என்ற 19 வயது இளைஞர் பாரிஸிலிருந்து பெர்லினுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு இடமும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், ஒன்று வடக்கே, மற்றது தெற்கே. பூமியைத் துளைத்து நேர்கோடு போட்டால் இடையில் சுமார் 8,700 கிலோமீற்றர்.

பெருவிரலை மூக்குக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் பின்சுவரில் இடம் மாறும். பெர்லினும் நன்னம்பிக்கை முனையும் அப்படி இரண்டு கண்கள். இரண்டு இடத்திலிருந்தும் பார்க்கும்போது நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா ஒரு டிகிரிக்கு மேல் இடம் மாறித் தெரியும். இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி தெரியும், கோணம் தெரியும். மிச்சம் முக்கோணக் கணக்குத்தான்.

இன்றைக்கு இதை லேசர் ஒளியால் அளக்கிறார்கள். 1969 இல் அப்பலோ 11 வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களும், 1970 இலும் 1973 இலும் சோவியத் லுணகோட் வண்டிகள் கொண்டுபோன பிரதிபலிப்பான்களும் இப்போதும் நிலாவில் இருக்கின்றன. லுணகோட்டில் இருப்பவை பிரான்சில் செய்தவை. கிராஸ் நகருக்குக் கிட்ட இருக்கும் கலேர்ன் நிலையத்திலிருந்து அனுப்புகிற ஒளி, இரண்டரை விநாடியில் போய்த் திரும்பி வரும்.

அடுத்த பூரணைக்கு ஒரு வேலை

384,400 என்பது சராசரிதான். நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை. ஒரு நேரம் அது 357,000 கிலோமீற்றர் வரை கிட்ட வரும், இன்னொரு நேரம் 406,000 வரை தள்ளிப் போகும். செய்தியில் 'சூப்பர் லூன்' என்று சொல்வது கிட்ட வரும் பூரணையை. வெறும் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நாணயத்துக்குத் தெரியும். நிலா மிகக் கிட்ட இருக்கும் பூரணையிலும், அதிலிருந்து ஆறேழு மாதம் கழித்து அது தள்ளி நிற்கும் பூரணையிலும், அதே யன்னலில் அதே நாணயத்தால் அளந்தால், நிற்கும் இடம் முப்பத்தைந்து சென்ரிமீற்றர் அளவுக்குத் தள்ளிப் போகும். முதல் தடவை நின்ற இடத்தில் நிலத்தில் ஒரு ஒட்டுநாடா போட்டு, திகதியையும் எழுதி வையுங்கள்.