ஏறச் சொன்னால் முதலில் இறங்கும் மின்னழுத்தம்

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 24 வோல்ட் எடுக்க பூஸ்ட் கன்வெர்ட்டர் என்ற சிறிய சுற்று போதும். சுவிட்ச் மூடியிருக்கும்போது பேட்டரி ஒரு காயிலில் மின்னோட்டத்தை வளர்க்கிறது. அந்த நேரத்தில் வெளியே எதுவும் போவதில்லை. கெப்பாசிட்டர்தான் சுமைக்கு மின்சாரம் தருகிறது. சுவிட்ச் திறந்ததும் காயிலின் மின்னோட்டம் டயோடு வழியாக வெளியே பாய்கிறது. சிக்கல் முழுவதும் இந்த முறைவைப்பில்தான் இருக்கிறது.

சுமைக்கு 1 ஆம்பியர் தேவை, காயில் 47 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொள்வோம். சுவிட்ச் பாதி நேரம் மூடி, பாதி நேரம் திறந்திருக்கும். காயிலில் 2 ஆம்பியர் ஓடும். அதில் பாதி, அதாவது சராசரியாக 1 ஆம்பியர், டயோடு வழியே வெளியேறும். கணக்கு நேராகிறது.

இப்போது மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு சுவிட்ச் மூடியிருக்கும் பங்கை 50 சதவீதத்திலிருந்து 55 ஆக்குகிறோம். டயோடுக்குக் கிடைக்கும் நேரம் அக்கணமே 45 சதவீதமாகிறது. காயிலின் மின்னோட்டமோ சட்டென்று மாறாது. ஆகவே வெளியே போவது 0.9 ஆம்பியராகக் குறைகிறது. கூட்டச் சொன்ன மின்னழுத்தம் இறங்குகிறது. காயில் 2.22 ஆம்பியரை எட்டிய பிறகுதான் வரத்து பழையபடி 1 ஆம்பியராகும். அதற்கு ஏறக்குறைய 9 மைக்ரோவிநாடி பிடிக்கும்.

பங்கை இன்னும் வேகமாகக் கூட்டினால் என்ன? பற்றாக்குறையும் இரட்டிக்கிறது, காயில் நிரம்பும் வேகமும் இரட்டிக்கிறது. காத்திருப்பு கிட்டத்தட்ட அதே அளவுதான். மிகச் சிறிய மாற்றத்துக்கு அந்த நேரம் சுமார் 8 மைக்ரோவிநாடி. அதன் தலைகீழ்தான் பொறியாளர்கள் சொல்லும் வலது அரைத்தளச் சுழி:

ω = R(1−D)²/L

R சுமையின் மின்தடை (24 ஓம்), D சுவிட்ச் மூடியிருக்கும் பங்கு, L காயிலின் அளவு. நம் சுற்றுக்கு இது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ்.

கட்டுப்பாட்டுச் சுற்று இதைவிட விரைந்தால் ஆபத்து. அது பார்ப்பது முதல் இறக்கத்தை மட்டுமே. 'போதவில்லை' என்று பங்கை மேலும் கூட்டும். அது இன்னும் இறக்கும். திருத்தமே தவறை வளர்க்கிறது. அதனால் லூப்பின் வேகத்தைச் சுழியின் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள், இங்கே 4 முதல் 7 கிலோஹெர்ட்ஸுக்குள், நிறுத்துவதே வழக்கம். சுழியைச் சரிக்கட்டும் எதிர்ச்சுற்றைக் கட்டுப்பாட்டுக்குள் வைக்கலாமே என்று தோன்றும். காகிதத்தில் அது அழகாக இருக்கும். ஆனால் அந்த எதிர்ச்சுற்றே நிலையற்றது, உள்ளுக்குள் கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிடும்.

மேசையில் ஒழுங்காக ஓடிய சுற்று பேட்டரி இறங்கும்போது அலைபாய்ந்தால் முதலில் இந்தச் சுழியைச் சந்தேகிக்கலாம். உள்ளீடு 8 வோல்ட்டாகச் சரிந்தால் சுழி 9 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். சுமையும் 2 ஆம்பியரானால் அதிலும் பாதி. காயிலைச் சிறிதாக்கினால் சுழி மேலேறும், ஆனால் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் பெருகும். எனவே லூப்பை வடிவமைப்பவர் 12 வோல்ட்டை அல்ல, சுமை முழுதாக இருக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய மிகக் குறைந்த உள்ளீட்டை வைத்தே கணக்குப் போட வேண்டும்.