பாதியில் அறுந்த நேர்காணல்

ஆன்லைன் நேர்காணலின் நடுவே கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும். வைஃபை மோடம் அணைந்துவிடும். எதிரில் இருப்பவரின் முகம் திரையில் அப்படியே உறைந்து நிற்கும். மோடத்தோடு போராடாமல், போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதே லிங்க்கில் மறுபடி நுழையுங்கள். முதல் நாளே லேப்டாப்பை அதில் ஒருமுறை இணைத்து வைத்திருந்தால் பாஸ்வேர்டு தேடும் பதற்றம் இருக்காது. சிக்னல் சுமார் என்றால், அனுமதி கேட்டு வீடியோவை அணைத்துவிடுங்கள். குரலுக்குக் கொஞ்சம் டேட்டா போதும்.

திரும்பியதும் நீண்ட விளக்கம் வேண்டாம். “மன்னிக்கணும் சார், கரண்ட் போயிடுச்சு. ஸ்டாக் கணக்குல வந்த வித்தியாசத்தைச் சொல்லிட்டிருந்தேன், அங்கிருந்தே தொடரட்டுமா?” இவ்வளவுதான். கேட்பவருக்கும் எங்கே நின்றது என்று தேட வேண்டியிருக்காது. அதனால், விட்ட இடத்தைத் தாளில் இரண்டு சொல்லாகக் குறித்துக்கொண்டு உள்ளே போங்கள்.