ஆவியில் பொங்கும் நுரை

இத்தாலியின் ஜபாயோனே இனிப்புக்கு 4 மஞ்சள் கரு, 4 மேசைக்கரண்டி சர்க்கரை, அரை கப் மர்சாலா ஒயின் போதும். கருவையும் சர்க்கரையையும் நிறம் வெளிறும்வரை அடித்த பிறகே ஒயினைச் சேர்க்க வேண்டும்.

பாத்திரத்தின் அடி நீரைத் தொடக்கூடாது. கீழே நீர் தளதளவெனக் கொதித்தாலும் ஆபத்துதான். தனி மஞ்சள் கரு சுமார் 70 டிகிரி செல்சியஸில் இறுகிவிடும். சர்க்கரையும் ஒயினும் அதன் புரதங்கள் சட்டென ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதால், கலவை இன்னும் சற்றுக் கூடுதல் சூட்டைத் தாங்கும். அந்தச் சிறிய அவகாசத்தில்தான் நுரை திடம் பெறுகிறது.

கம்பி மத்து அடியையும் ஓரத்தையும் வழித்துக்கொண்டே இருக்கட்டும். தூக்கினால் நுரை நாடாபோல் விழுந்து, மேலே சற்று நின்று கரைவதுதான் பதம். ஓரத்தில் மஞ்சள் துணுக்குகள் ஒட்டத் தொடங்கினால் உடனே இறக்கிவிட்டு, கைவிடாமல் அடிக்க வேண்டும். இல்லையென்றால் பாத்திரத்தின் சூடே மீதியையும் திரியவைத்துவிடும்.