மது அருந்தியபின் வீடு திரும்புதல்

மது அருந்தியவர் வண்டி ஓட்டுவது ஆபத்து என்பதால், வண்டியை விட்டுவிட்டு நடந்து செல்வது பாதுகாப்பானது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. நடந்து செல்பவரால் பிறருக்கு விளையும் ஆபத்து குறைவு என்பது உண்மையே. ஆனால் அவருடைய சொந்த உயிருக்கான ஆபத்து நீங்குவதில்லை. அமெரிக்காவில் சாலை விபத்துகளில் இறக்கும் பாதசாரிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் போதையில் இருந்தவர்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையை ஒட்டியுள்ள சிறுவாச்சூர் போன்ற ஊர்களில், இரவில் சாலையைக் கடப்பதே இந்த ஆபத்தின் மையம்.

## சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185இன்படி, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்ககால் இருக்கையில் வாகனம் ஓட்டுவது குற்றம். ஸ்கூட்டருக்கும் மொபெட்டுக்கும் இது பொருந்தும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் குற்றத்திற்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மிதிவண்டிக்கும் நடப்பவருக்கும் இப்பிரிவு பொருந்தாது.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளுக்கு இத்தூரம் 2017 மார்ச்சில் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஓட்டுநர்களைக் கருதியே இத்தீர்ப்பு வந்தது. கடை உள்ளே தள்ளிப்போனாலும், சாலையின் மறுபுறம் வீடு உள்ளவர் அதே சாலையைக் கடந்தே ஆகவேண்டும்.

## சாலையைக் கடக்கும்போது

நான்குவழிச் சாலையை இரண்டு கட்டமாகக் கடக்க வேண்டும். முதல் பாதியில் வண்டிகள் வலப்பக்கத்திலிருந்து வரும். நடுத்திட்டைத் தாண்டியபின் இடப்பக்கத்திலிருந்து வரும். போதையில் இருப்பவர் இரண்டாம் முறை நின்று திரும்பிப் பார்க்கத் தவறுவது எளிது. நடுத்திட்டில் அரளிச் செடிகள் வளர்ந்திருந்தால், அவற்றுக்கிடையிலிருந்து வருபவரை ஓட்டுநரும் முன்கூட்டியே காண முடியாது.

ஒரு பாதியின் அகலம் சாலையோரத்தையும் சேர்த்து 9 மீட்டர் என்று கொள்வோம். தெளிவாக இருப்பவர் அதை 7, 8 நொடிகளில் கடப்பார். தள்ளாடுபவருக்கு 11 நொடிகள் ஆகலாம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்கு 25 மீட்டர் செல்லும். 11 நொடிகளில் 275 மீட்டர் வந்துவிடும். தொலைவில் தெரியும் விளக்கை வைத்து வேகத்தைக் கணிக்கும் திறனை மது மழுங்கச் செய்கிறது.

ஓட்டுநரின் பக்கமும் சாதகமாக இல்லை. அவ்வேகத்தில் பிரேக் பிடித்து நிறுத்த, அவர் சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்து, 80 மீட்டருக்கு மேல் தேவை. முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளியில் கருநிற உடை அணிந்தவர் 30 முதல் 50 மீட்டரில்தான் தெரிவார். தூக்கம் மேலிட்டுச் சாலையோரத்தில் படுத்துவிட்டவர் அதைவிடத் தாமதமாகவே கண்ணில் படுவார்.

## போதை இறங்கும் நேரம்

60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் இரவு 9 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் ஒரு குவார்ட்டர் (180 மி.லி.) பிராந்தி குடித்ததாகக் கொள்வோம். அதில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்ககால் உண்டு. 10 மணிக்கு அவர் இரத்தத்தில் 135 மி.கி. அளவு இருக்கலாம். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி. வீதமே குறைக்கும். எனவே சட்ட வரம்பான 30க்கு இறங்க அதிகாலை 5 மணியும், முற்றிலும் நீங்கக் காலை 7 மணியும் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறுபடும். காபி, மோர், குளியல் எதுவும் இதை விரைவுபடுத்தாது. "இரண்டு மணிநேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்" என்பது இதனால்தான் பயனளிப்பதில்லை.

மிதிவண்டியில் செல்பவருக்குச் சமநிலை தொடர்ந்து தேவைப்படுவதால், வேறு வண்டி மோதாமலேயே விழுந்து தலையில் அடிபடலாம்.

## விழுந்தவரைக் கண்டால்

தலைக்காயத்தின் அறிகுறிகளும் போதையின் அறிகுறிகளும் ஒத்திருக்கும். மது வாடை வீசுவதால் "தூங்கட்டும்" என விட்டுவிடுவது உயிரைப் பறிக்கலாம். எழுப்பியும் எழாமை, மீண்டும் மீண்டும் வாந்தி, காதிலோ மூக்கிலோ இரத்தம், கண்மணிகள் சமமின்மை, ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், நேரம் செல்லச் செல்லத் தெளிவதற்குப் பதில் மயக்கம் கூடுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் உதவியவரைத் தம் பெயரைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 134அ அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

## தவிர்க்கும் வழி

குடிக்காத ஒருவர் வந்து அழைத்துச் செல்வது, அல்லது சாலையைக் கடக்காமல் அந்தப் பக்கத்திலேயே இரவு தங்கிவிடுவது ஆபத்தை உண்மையில் குறைக்கும். நடந்தே ஆகவேண்டுமெனில், தெளிவாக உள்ள ஒருவர் கையைப் பிடித்து உடன்வர வேண்டும். எதிரே வரும் வண்டிகள் தெரியுமாறு சாலையின் வலப்புறம் நடப்பதும், வெளிர்நிறச் சட்டையோ எரியும் டார்ச்சோ வைத்திருப்பதும் உதவும். சுரங்கப்பாதை அருகில் இருந்தால், சுற்றாக இருந்தாலும் அதன் வழியே செல்வது நல்லது.