பாட்டரி கொடுத்த பாதி எங்கே போனது?

1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை ஒரு ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட் பாட்டரியில் மாட்டுங்கள். அது நிரம்பி முடியும்போது பாட்டரி 144 மில்லிஜூல் ஆற்றலைச் செலவழித்திருக்கும். கெப்பாசிட்டரில் இருப்பதோ 72 தான். மீதி ரெசிஸ்டரில் சூடாகப் போய்விட்டது.

‘ரெசிஸ்டரைச் சின்னதாகப் போட்டால் நஷ்டம் குறையுமே’ என்றுதான் முதலில் தோன்றும். போட்டுப் பார்ப்போம். 1000 ஓம் என்றால் தொடக்கத்தில் 12 மில்லிஆம்பியர் ஓடும், சூடு 0.144 வாட். நிரம்ப ஐந்து விநாடி பிடிக்கும். 10 ஓமுக்கு மாற்றினால் 1.2 ஆம்பியர் பாயும், சூடு 14.4 வாட். நூறு மடங்கு கடுமை! ஆனால் வேலை நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் அதே 72 மில்லிஜூல்.

காரணத்தை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பார்க்கலாம். குழாய் தொட்டியின் விளிம்பைத் தாண்டி மேலிருந்து கொட்டுகிறது. எந்தச் சொட்டானாலும் மோட்டார் அதை விளிம்பு வரை ஏற்றியே ஆக வேண்டும். காலித் தொட்டியில் முதல் சொட்டு அடித்தரை வரை விழுகிறது; கடைசிச் சொட்டு விழவே இல்லை. சராசரியாகப் பார்த்தால், தொட்டியின் உயரத்தில் பாதி வீழ்ச்சியிலேயே வீணாகிறது. குழாய் ஒல்லியா பருமனா என்பது தொட்டி எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பதை மட்டுமே தீர்மானிக்கும்.

பாட்டரியும் அந்த மோட்டார் மாதிரிதான். ஒவ்வொரு மின்னூட்டத்தையும் 12 வோல்ட்டுக்கு ஏற்றித் தருகிறது. கெப்பாசிட்டரின் மின்னழுத்தமோ சுழியத்திலிருந்து 12 வரை சீராக ஏறுகிறது; சராசரி 6. இடையில் உள்ள வித்தியாசம் முழுவதும் ரெசிஸ்டரின் தலையில் விழுகிறது.

ரெசிஸ்டரையே எடுத்துவிட்டால்? ஒயருக்கும் பாட்டரிக்கும் கெப்பாசிட்டரின் உள்ளுக்கும் கொஞ்சம் தடை உண்டு. அந்த 72 அங்கே சூடாகும்; சுவிட்சில் பொறி பறந்தால் அதிலும் கொஞ்சம் போகும்.

ஆக, தடையில் கைவைத்துப் பயனில்லை. விழும் உயரத்தைத்தான் குறைக்க வேண்டும். முதலில் 6 வோல்ட் பாட்டரியில் மாட்டி நிரப்புங்கள்: அது 36 மில்லிஜூல் கொடுக்கும். பிறகு 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள்: இன்னும் 72. மொத்தம் 108, சேமிப்பு அதே 72. நஷ்டம் 36 ஆகக் குறைந்துவிட்டது. நான்கு சம படிகளில் ஏற்றினால் 18 தான். ‘எப்போதும் பாதி’ என்ற விதி, காலிக் கெப்பாசிட்டரை மாறாத ஒரே மின்னழுத்தத்தில் கொண்டுபோய் மாட்டுபவருக்கு மட்டுமே பொருந்தும்.

72 மில்லிஜூலுக்காக யாரும் இத்தனை பாடுபட மாட்டார்கள். பெரிய கெப்பாசிட்டர்களை அடிக்கடி நிரப்ப வேண்டிய இடத்தில் ரெசிஸ்டருக்குப் பதிலாகச் சுருளையும் வேகமான சுவிட்சையும் வைக்கிறார்கள். வித்தியாச மின்னழுத்தத்தைச் சுருள் சூடாக்காமல் காந்தப்புலமாகப் பிடித்து வைத்து, அடுத்த கணமே கெப்பாசிட்டருக்குத் தள்ளிவிடும்.